சாவி வாங்குமுன் ஒரு சோதனை

‘வீடு ரெடி, சனிக்கிழமை வந்து பார்த்துட்டு சாவியை வாங்கிக்குங்க சார்’ என்று பில்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்ததும் பலர் பால் காய்ச்ச நாள் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவ்வளவு அவசரம் தேவையில்லை. 2016-ம் ஆண்டின் ரெரா சட்டப்படி, குடியேறத் தகுதிச் சான்று வந்த பிறகு வீட்டை ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் அவகாசம் உண்டு. வீட்டைச் சோதிக்க ஒரு நாள், சாவி வாங்க இன்னொரு நாள் என்று பிரித்துக் கேட்பதுதான் முறை.

சோதனை நாளைக் குறிக்குமுன் சைட் இன்ஜினியரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். மின் இணைப்பு வந்துவிட்டதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? இரண்டும் இல்லாத வீட்டில் சுவரின் பெயின்டை மட்டும்தான் பார்த்துவிட்டு வர முடியும். நேரம் காலை பத்து மணி நல்லது. சுவரின் மேடு பள்ளமும் விரிசலும் பகல் வெளிச்சத்தில்தான் தெரியும்.

இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை சோதனை என்றால், வெள்ளிக்கிழமை காலையே குளியலறையின் வடிகால் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி வைக்கச் சொல்ல வேண்டும். கீழ்த்தள வீட்டையும் திறந்து காட்டும்படி இன்ஜினியரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். கசிவு உங்கள் வீட்டில் தெரியாது. 24 மணி நேரம் கழித்து அந்த வீட்டுக் கூரையில்தான் ஈரமாகத் தெரியும். பிறகு அடைப்பை எடுத்துவிட்டால், தண்ணீர் முழுதும் வடிகிறதா, மூலையில் தேங்குகிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

தரை டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார்க்கலாம். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி வந்தால் அடியில் சிமென்ட் கலவை முழுதாகப் பிடிக்கவில்லை. கோடையில் பார்க்கிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஓரங்களில் இருக்கும் இடைவெளி ஐப்பசி மழையில்தான் தெரியவரும்.

குறையுள்ள இடத்தில் காகித டேப் ஒட்டி, எண் எழுதி, போட்டோ எடுத்து, அறைவாரியாகப் பட்டியல் போட வேண்டும். ‘பாத்ரூம் சரியில்லை’ என்று எழுதினால் பயனில்லை. ‘பொதுக் குளியலறை, கதவோரம் மூன்றாவது டைல், வெற்றொலி’ என்று எழுத வேண்டும். பட்டியலில் இன்ஜினியரின் கையெழுத்தும் மறுசோதனைத் தேதியும் இருக்கட்டும். அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டால், ‘நீங்க சொல்லவே இல்லையே’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

அன்று கண்ணில் படாத குறைகளுக்கும் வழி உண்டு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்து பில்டரிடம் சொன்னால், 30 நாட்களுக்குள் கட்டணமின்றி அவர் சரிசெய்தாக வேண்டும் என்கிறது ரெரா சட்டத்தின் 14-வது பிரிவு. ஆனால் கீறல் விழுந்த கண்ணாடியும் உடைந்த டைலும் குடியேறிய பிறகு யாரால் வந்தவை என்று நிரூபிப்பது கடினம். அவற்றைச் சாவி வாங்குமுன்பே பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.