தொழிற்கூட அறிவிப்பு மொழிபெயர்ப்பில் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும்: ஓசூர்ப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

தமிழின் இரட்டை வழக்குப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒலி, உருபு, சொல் ஆகிய நிலைகளில் இரு வழக்குகளுக்கும் உள்ள வேறுபாட்டை விரிக்கின்றன. சார்லஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்னும் கருத்தாக்கத்தை விளக்கியபோது, எச்சூழலுக்கு எவ்வழக்கு என்பது சமூகத்தில் முன்பே பகுக்கப்பட்டிருப்பதை அதன் முதன்மைக் கூறாகக் கொண்டார். அப்பகுப்பின்படி அறிவிப்பு என்பது எழுத்து வழக்குக்கு உரியது. ஆனால், ஆங்கிலத்தில் வரைந்த ஆலை அறிவிப்பு ஒன்றைத் தொழிலாளருக்காகத் தமிழாக்குவோர்க்கு இவ்விடை போதுவதில்லை. வாரவிடுமுறை மாற்ற அறிவிப்பு ஒன்றைச் சான்றாகக் கொண்டு, இத்தெரிவு எவ்விடங்களில் பொருள் மாற்றத்தை விளைவிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இங்கு ஆளப்படும் அறிவிப்பு, ஆலைகளில் வழங்கும் பொது அமைப்பைப் பின்பற்றி விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டதாகும்.

சட்டமும் களமும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் அமைய வேண்டும் என விதித்தது. சட்டம் மொழியைச் சுட்டியதேயன்றி, அம்மொழியின் வழக்கைச் சுட்டவில்லை. அத்தெரிவு மொழிபெயர்ப்பாளரிடமே விடப்பட்டது.

ஓசூர் கருநாடக எல்லையை ஒட்டிய தொழில்நகரம். தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் இங்குத் தாய்மொழிகளாக வழங்குகின்றன. எனவே ஒரே அறிவிப்புப் பலகையின்முன் நிற்போருள், பள்ளியில் தமிழ் கற்று எழுத்து வழக்கை எளிதில் படிப்போரும் உளர். வேலையிடத்தில் பேசிப் பழகியே தமிழ் அறிந்தோரும் உளர். முன்னவர்க்குப் பேச்சு வழக்கின் எழுத்துவடிவம் இடர் தருகிறது. பின்னவர்க்கு நீண்ட எழுத்து வழக்குத் தொடர் இடர் தருகிறது.

எழுத்து வழக்கு வடிவம்

அறிவிப்பின் அலுவல்சார் தமிழாக்கம் பெரும்பாலும் இவ்வாறு அமையும்:

"உற்பத்தித் தேவையை முன்னிட்டு வருகின்ற ஞாயிற்றுக்கிழமை பணிநாளாகக் கருதப்படும் என்பதும், அதற்கு ஈடாக எதிர்வரும் புதன்கிழமை ஈடுசெய் விடுமுறையாக அனுசரிக்கப்படும் என்பதும் இதன்வழி அறிவிக்கப்படுகிறது."

இதன் இடர்ப்பாடு சொற்களின் அருமையால் மட்டும் வருவதன்று. 'என்பதும்... என்பதும்... அறிவிக்கப்படுகிறது' என்னும் அமைப்பில் இரு தனிச் செய்திகளும் ஒரே வினைமுற்றுக்குள் அடங்குகின்றன. வாய்விட்டுப் படித்துப் பிறருக்குச் சொல்வோர் இறுதிச் சொல்வரை நிறுத்த இயலாது. 'கருதப்படும்' என்னும் செயப்பாட்டு வினை, தொழிலாளர் வர வேண்டும் என்னும் கடமையை நேரே கூறாது, நாளின் தன்மையாகக் கூறிவிடுகிறது. வேலைக்கு வருதல் கட்டாயமா, விருப்பமா என்னும் ஐயம் இங்குப் பிறக்கிறது.

பேச்சு வழக்கு வடிவம்

இதனைத் தவிர்க்கப் பேச்சு வழக்கை அப்படியே எழுதினால் பின்வருமாறு அமையும்:

"வர ஞாயித்துக்கெழம எல்லாரும் வேலைக்கு வரணும். அதுக்குப் பதிலா புதன்கெழம லீவு."

தொடர்கள் சிறியன, கடமையும் தெளிவாக உள்ளது. எனினும் இருவகை இழப்பு நேர்கிறது. முதலாவது எழுத்துவடிவம் பற்றியது. பேச்சு வழக்குக்கு நிலைபெற்ற எழுத்துமுறை இல்லை. 'வந்துருங்க' என்பது தவறாமல் வருமாறு பணிப்பது. 'வந்திருங்க' என எழுதினால் முன்னதாக வந்து காத்திருத்தலையும் அது குறிக்கக்கூடும். பேச்சில் சூழலும் தொனியும் பிரித்துக் காட்டும் பொருளை எழுத்தின் ஓர் உயிர்க்குறி தாங்க வேண்டியதாகிறது.

இரண்டாவது சொற்பொருள் பற்றியது. விளைவில் இதுவே பெரிது. எழுத்து வழக்கில் விடுமுறை வேறு, விடுப்பு வேறு. ஆலை அனைவர்க்கும் அளிப்பது விடுமுறை. தொழிலாளி தம் கணக்கிலிருந்து எடுப்பது விடுப்பு. பேச்சு வழக்கின் 'லீவு' இரண்டையும் குறிக்கும். 'புதன்கெழம லீவு' என்பதைப் படிப்பவர், தம் விடுப்பில் ஒரு நாள் கழிக்கப்படுவதாகக் கருத இடமுண்டு. வாரவிடுமுறைக்கு மாற்றாக வரும் நாள் ஆண்டு விடுப்பில் கழியாது என்பதால், இக்குழப்பம் உரிமை பற்றியதாகிறது.

ஆயினும் 'லீவு' என்பதை முற்றிலும் நீக்குதலும் பொருந்தாது. தெலுங்கில் விடுமுறையைக் குறிக்கும் 'செலவு' தமிழில் வேறு பொருள் தருவது. கன்னடத்தில் அதற்கு 'ரஜெ' என்பர். மூன்று மொழியினரும் பணியிடத்தில் பொதுவாக அறிந்த சொல் 'லீவு'. ஆதலின் அதனை விடுப்புக் கணக்கைச் சுட்டும் இடத்திற்கு வரையறுத்து ஆள்வதே தக்கது.

இரவுப் பணியும் நாட்பெயரும்

மேற்கண்ட இரு வடிவங்களும் ஒரு செய்தியில் ஒருங்கே தவறுகின்றன. இரவு 10 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடியும் பணிமுறையில் 'புதன்கிழமை' என்பது எது? செவ்வாய் இரவுப் பணியின் எட்டு மணிநேரத்தில் ஆறு மணிநேரம் புதன்கிழமையில் விழுகிறது. நாட்காட்டிப்படி பொருள்கொள்பவர் செவ்வாய் இரவு வாராதிருந்து ஊதியம் இழப்பார். மேற்சுட்டிய சட்டத்தின் 57ஆம் பிரிவோ, நள்ளிரவைக் கடக்கும் பணியில் முழுநாள் விடுமுறை என்பதைப் பணி முடியும் நேரத்திலிருந்து தொடரும் 24 மணிநேரமாகக் கொண்டது. அதன்படி விடுமுறை புதன் காலை 6 மணி முதல் வியாழன் காலை 6 மணி வரையாகும்.

தொழிலாளர் பேச்சில் 'செவ்வா நைட்' என்பது செவ்வாய் இரவு தொடங்கும் பணி முழுவதையும் ஐயமின்றிக் குறிக்கும். இங்குப் பேச்சு வழக்கின் கருத்தமைவே சட்டத்தின் கணக்கோடு ஒத்துப்போகிறது. மொழிபெயர்ப்பாளர் கொள்ள வேண்டியது அக்கருத்தமைவை. அதன் ஒலித்திரிபை அன்று.

பரிந்துரைக்கும் வடிவம்

"ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு. எல்லோரும் வர வேண்டும்.
அதற்குப் பதிலாகப் புதன்கிழமை விடுமுறை. இந்த நாள் உங்கள் லீவுக் கணக்கில் கழியாது.
நைட் ஷிப்ட்: செவ்வாய் இரவு 10 மணிக்கு வேலை உண்டு. புதன் இரவு 10 மணிக்கு வேலை இல்லை. அடுத்து வியாழன் இரவு 10 மணிக்கு வர வேண்டும்."

ஒவ்வொரு நாட்பெயரை அடுத்தும் தேதி இடம்பெறும்; 'வருகின்ற', 'எதிர்வரும்' என்பன நீங்கும். இவ்வடிவத்தின் உருபும் எழுத்துக்கூட்டலும் எழுத்து வழக்கைச் சார்ந்தவை. தொடரமைப்பும் பணியிடச் சொற்களும் பேச்சு வழக்கைச் சார்ந்தவை. 'உண்டு', 'இல்லை', 'பதிலாக' போன்றவை இரு வழக்கிலும் சிறு ஒலிமாற்றத்தோடு வழங்குவதால், படிப்பவர் அவற்றைத் தம் பேச்சொலியிலேயே படித்துக்காட்ட இயலும். ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது இதே தொடர்களைப் பேச்சொலிக்கு மாற்றிக்கொள்ளலாம். தொடர்களின் வரிசை மாறக் கூடாது.

'புரிகிறதா?' என வினவுதல் அறிவிப்பின் தெளிவைச் சோதிக்கும் முறையன்று. 'புரிகிறது' என்பதே பெரும்பாலும் விடையாக வரும். ஒவ்வொரு பணிமுறையிலிருந்தும் ஒருவரிடம், "அடுத்த வாரம் நீங்கள் எந்த நாள், எத்தனை மணிக்கு வேலைக்கு வருவீர்கள்?" எனக் கேட்டால் பிழை வெளிப்படும்.

முடிவுரை

ஆலை அறிவிப்பில் வழக்குத் தெரிவு உரை முழுமைக்கும் ஒருமுறை செய்யப்படுவதன்று. எழுத்துக்கூட்டல், தொடரமைப்பு, சொல், காலக் குறிப்பு என ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியே செய்யப்படுவது. தொழிலாளியின் ஊதியத்தையும் விடுப்பையும் தொடும் வேறுபாடுகளை எழுத்து வழக்குக் காக்குமிடத்தில் அதனையும், பேச்சு வழக்குக் காக்குமிடத்தில் அதனையும் கொள்ளுதல் வேண்டும். இம்முறை தமிழ் அறிந்தோர்க்கே பயன்படும். தமிழ் அறியாத வடமாநிலத் தொழிலாளர்க்கு எவ்வளவு எளிய தமிழும் ஈடாகாது. அவர்தம் மொழியில் தனி அறிவிப்பே தேவை.