பாய்லர் பழுதும் 150 வார்த்தைகளும்

ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் டிரெய்னிங் எழுத்துத் தேர்வில் முதல் கேள்விக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். குறைந்தது 150 வார்த்தைகள், சுமார் 20 நிமிடம். வாடகை வீட்டில் பழுது, உரிமையாளருக்கு எழுதுங்கள் என்று கேள்வி வந்தால் அதன் கீழ் மூன்று குறிப்புகள் இருக்கும். என்ன பழுது, அதனால் என்ன தொல்லை, அவர் என்ன செய்ய வேண்டும் என்கிற மாதிரி. மூன்றில் ஒன்றை விட்டாலும் மதிப்பெண் குறையும். முகவரி எழுதத் தேவையில்லை.

லண்டனில் ஒரு வாடகை வீடு, டிசம்பர் மாதம், பாய்லர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பலர் இப்படி எழுதுவார்கள்: "பாய்லர் வேலை செய்யவில்லை. மிகவும் கஷ்டப்படுகிறோம். உடனே சரிசெய்யுங்கள்." இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிற உரிமையாளருக்கு எப்போதிலிருந்து, எந்த அளவுக்கு, யாரை அனுப்புவது என்று எதுவும் தெரியாது.

அதையே இப்படி எழுதலாம்: "டிசம்பர் 3 முதல் குழாயில் சுடுநீர் வரவில்லை, ரேடியேட்டர்களும் சூடாவதில்லை. மறுநாளே தொலைபேசியில் தெரிவித்தேன். இதுவரை யாரும் வரவில்லை. இரண்டு வயதுக் குழந்தையைக் குளிப்பாட்ட கெட்டிலில் வெந்நீர் வைக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் பதிவுபெற்ற கேஸ் பொறியாளர் ஒருவரை அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன். மாலை 4 மணிக்கு மேல் வீட்டில் இருப்போம்."

இங்கே கோபச் சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் குறை அழுத்தமாகப் பதிகிறது. கெட்டில் வெந்நீர் செய்கிற வேலையை 'மிகவும்', 'ரொம்ப' எல்லாம் சேர்ந்தும் செய்யாது.

தேதிக்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் உரிமையாளர், குடியிருப்போர் சட்டத்தின் 11ஆவது பிரிவு, குறுகிய கால வாடகை வீடுகளில் சூடாக்கும் வசதியையும் சுடுநீர் வசதியையும் பழுதுபார்த்து வைப்பதை உரிமையாளர் பொறுப்பாக்குகிறது. வீட்டுக்குள் இருக்கும் பழுது என்றால், அது அவருக்குத் தெரியவந்த பிறகே அந்தப் பொறுப்பு தொடங்கும். அதனால் நிஜ வாழ்க்கையில் தேதியிட்ட கடிதமே சான்று. தேர்வில் சட்டப் பிரிவைக் குறிப்பிட வேண்டாம். திருத்துபவர் பார்ப்பது மொழியையும், கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறதா என்பதையும்தான்.

பலர் சறுக்குவது தொனியில். "தயவுகூர்ந்து" என்று தொடங்கிவிட்டு, கடைசிப் பத்தியில் "இல்லையென்றால் வாடகை தரமாட்டேன்" என்று மிரட்டினால் கடிதம் இரண்டு பேர் எழுதியது போலாகிவிடும். 'டோன்ட்', 'கான்ட்' போன்ற சுருக்கங்களும் முறையான கடிதத்துக்குப் பொருந்தாது. உரிமையாளரைப் பெயர் சொல்லி அழைத்தால் முடிவில் 'யுவர்ஸ் சின்சியர்லி'. 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'.