பிஎஸ்5-ல் பாதியில் நிற்கும் கேமை பிசியில் தொடர முடியுமா?

பிஎஸ்5-ல் 80 மணி நேரம் ஓட்டிய கேம். இப்போது புதிதாக கேமிங் லேப்டாப் வாங்கிவிட்டீர்கள். கன்சோலை விற்கலாம் என்று யோசனை. அந்த 80 மணி நேரமும் கூடவே வருமா?

கேமைப் பொறுத்தது என்பதுதான் பதில்.

பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாமே?

முடியாது. பிஎஸ்5 கேமின் சேவ் ஃபைலை பென்டிரைவில் காப்பி செய்யவே சோனி அனுமதிப்பதில்லை. பிளேஸ்டேஷன் பிளஸ் கிளவுடில் ஏற்றலாம். ஆனால், அதை இன்னொரு பிளேஸ்டேஷனில்தான் இறக்க முடியும். ஸ்டீம் கிளவுடும் அப்படித்தான், ஸ்டீமுக்குள் மட்டுமே வேலை செய்யும். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது.

அப்புறம் எப்படித்தான் மாற்றுவது?

கேமைத் தயாரித்த நிறுவனமே நடுவில் ஒரு சர்வர் வைத்திருக்க வேண்டும். இதைத்தான் 'கிராஸ்-சேவ்' என்கிறார்கள். 2023-ல் வெளியான பால்டர்ஸ் கேட் 3-ஐ எடுத்துக்கொள்வோம். பிஎஸ்5-ல் கேமுக்குள்ளேயே லாரியன் கணக்கில் லாகின் செய்து, செட்டிங்ஸில் கிராஸ்-சேவை ஆன் செய்ய வேண்டும். பிறகு கேமைத் திறந்து, புதிதாக ஒரு சேவ் போடுங்கள். பிசியிலும் அதே லாரியன் கணக்கில் நுழைந்தால், லோடு பட்டியலில் அந்த சேவ் வந்து நிற்கும். ஆனால், பிசிக்கு கேமைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கிராஸ்-சேவில் வருவது சேவ் மட்டுமே.

சேவ் வந்தும் திறக்கவில்லையே, ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, அப்டேட். புதிய பேட்ச்சில் போட்ட சேவை பழைய பேட்ச்சில் இருக்கும் கேம் திறக்காது. இரண்டு பக்கமும் அப்டேட் செய்தால் சரியாகிவிடும். இன்னொன்று, மாட். பிசியில் மாட் போட்டு விளையாடிய சேவ், அந்த மாட் இல்லாத கன்சோலில் லோடு ஆகாது.

எப்போது வழியே இல்லை?

எல்டன் ரிங் நல்ல உதாரணம். பிஎஸ்4-லிருந்து பிஎஸ்5-க்கு சேவைக் கொண்டுபோகலாம். பிளேஸ்டேஷனிலிருந்து பிசிக்கு முடியாது, நடுவில் பொதுவான கணக்கே கிடையாது. பிசியில் அதன் சேவ் `ER0000.sl2` என்ற ஃபைலாக இருக்கும். அதற்குள் உங்கள் ஸ்டீம் ஐடியும் பதிந்திருக்கிறது. அதனால் வேறொருவரின் ஃபைலை அப்படியே காப்பி செய்தால்கூட கேம் ஏற்காது.

வாங்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

கேமின் மெனுவில் பிளேஸ்டேஷன், ஸ்டீம் தவிர தயாரிப்பு நிறுவனத்தின் கணக்கில் லாகின் செய்யச் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் வாய்ப்பு குறைவு. சொன்னாலும் அவசரப்பட வேண்டாம், 'கிராஸ்-பிளே' என்பது வேறு. வேறு கருவியில் இருக்கும் நண்பருடன் சேர்ந்து விளையாடலாம் என்றுதான் அதற்கு அர்த்தம், சேவ் வரும் என்றல்ல.

கடைசியாக ஒன்று: சேவ் மேலே ஏறுவது பழைய கருவியிலிருந்துதான். பிசியில் அதை ஒருமுறை திறந்து பார்த்த பிறகே கன்சோலை ஃபார்மட் செய்யுங்கள்.