12 மீட்டர் சுவர் 113 மில்லிமீட்டராக வந்தால்

வீட்டு வரைபடம் ஒன்று பிடிஎஃப்பாக வருகிறது. ஆட்டோகேடில் அதைக் கோடுகளாக இறக்கி, 12000 என்று குறித்திருக்கும் வெளிச்சுவரை DIST கட்டளையால் அளந்தால் 113.7 என்று காட்டுகிறது. 120 என்று வந்திருந்தால் நூறில் ஒரு பங்கு என்று புரிந்திருக்கும். 472.44 என்று வந்திருந்தால் அங்குலத்தில் வரைந்தது, 25.4 ஆல் பெருக்கினால் போதும். 113.7 எந்தக் கணக்கிலும் அடங்காது. யாரோ தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சிட்டிருக்கிறார்கள்.

இங்கே கால்குலேட்டரைத் தேடி, பெருக்கும் எண்ணைச் சுருக்கி எழுதினால் பிழை ஒட்டிக்கொள்ளும். சுவரின் இரு முனைகளைக் காட்டி, இதன் நீளம் 12000 என்று சொன்னால் விகிதத்தை ஆட்டோகேடே போட்டுக்கொள்ளும்.

```
SCALE
R
12000
```

SCALE கொடுத்து வரைபடம் முழுவதையும் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். சுவரின் ஒரு மூலையை அடிப்புள்ளியாகக் காட்டி R கொடுங்கள். பிறகு அதே மூலையையும் மறு மூலையையும் சொடுக்கி, 12000 என்று அடியுங்கள். மூலைகளை எண்ட்பாயிண்ட் ஸ்நாப் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பூட்டிய, உறையவைத்த லேயர்களை முதலிலேயே திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவற்றில் இருப்பவை மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிடும்.

எந்த நீளத்தை நம்புவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 900 அகலக் கதவை வைத்துச் சரிசெய்யும்போது 5 மில்லிமீட்டர் பிசகினால், அது 12 மீட்டர் சுவரில் 67 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். அதனால் இருப்பதிலேயே நீளமான அளவைப் பிடியுங்கள். முடிந்ததும் குறுக்குத் திசையில் வேறொரு சுவரை அளந்து பாருங்கள். 9000 வரவேண்டிய இடத்தில் 9070 வந்தால், ஸ்கேன் செய்தபோது தாள் ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது. SCALE எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில்தான் பெருக்கும். இந்தக் கோணலை அதனால் நிமிர்த்த முடியாது. மூல கோப்பைக் கேட்டு வாங்குவதே நல்லது.

அளவோடு திசையும் இடமும் மாறியிருந்தால், உதாரணமாக வீட்டை நில அளவை வரைபடத்தின் மேல் பொருத்த வேண்டுமானால், ALIGN கை கொடுக்கும். வீட்டின் ஒரு மூலை, நிலத்தில் அது சேரவேண்டிய புள்ளி. மறு மூலை, அது சேரவேண்டிய புள்ளி என்று இரண்டு ஜோடிகளைக் காட்டி என்டர் தட்டினால், அளவையும் மாற்றவா என்று கேட்கும். அங்கே Y அடியுங்கள். வெறுமனே என்டரைத் தட்டினால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். வீடு திரும்பும், நகரும், அளவு மட்டும் மாறாது.

ALIGN தன் அளவை நில வரைபடத்திலிருந்தே எடுக்கிறது. எனவே வீட்டைப் பொருத்தும் முன் அந்த நில வரைபடத்தின் ஒரு எல்லைக்கோட்டையாவது DIST போட்டு அளந்துவிடுங்கள்.