தார் வெட்டிய வாழை மரம் மாட்டுக்கு எவ்வளவு தாங்கும்?

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நெல் விளையாவிட்டால் வைக்கோலும் இல்லை. அப்படிப்பட்ட ஆண்டுகளில் கிணற்றுப் பாசனமும் வாய்க்கால் ஈரமும் உள்ள இடங்களில் பச்சையாக நிற்பது வாழைதான். ஒரு மரம் ஒரே ஒரு தார்தான் ஈனும். தாரை வெட்டிய பிறகு மரத்தைச் சாய்த்து வரப்பில் போடுவது வழக்கம். மாடு பசியில் கத்தும்போது யார் கண்ணும் அந்த மரத்தின் மேல் போகத்தான் செய்யும். போடலாம். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும்.

வாழை மரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர். இரகத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பக் கொஞ்சம் கூடும், குறையும். தண்ணீரை நீக்கினால் 100 கிலோ மரத்தில் மிஞ்சுவது 6 கிலோ உலர்பொருள். மாட்டுக்குத் தீனி என்று கணக்கில் சேர்வது அந்த 6 கிலோ மட்டுமே. அதிலும் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். வைக்கோலின் நிலையும் ஏறத்தாழ இதேதான் என்பதால், வைக்கோலோடு வாழையைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றின் குறையை ஒன்று தீர்த்துவிடாது.

300 கிலோ எடையுள்ள, பால் வற்றிய ஒரு மாட்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு ஐந்திலிருந்து ஆறு கிலோ உலர்பொருள் வேண்டும். 6 கிலோவும் வாழையிலிருந்தே வர வேண்டுமானால் 100 கிலோ மரத்தைத் தின்றாக வேண்டும். எந்த மாட்டாலும் முடியாது. அதன் வயிறு தண்ணீரால் நிரம்பி முட்டும், உடம்போ பட்டினியில் கிடக்கும். அதனால் மரம் 20 கிலோ, வைக்கோல் 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உலர்பொருள் மரத்திலிருந்து 1.2 கிலோ, வைக்கோலிலிருந்து 3.6 கிலோ, ஆக 4.8 கிலோ. இரண்டிலும் உள்ள புரதத்தைக் கூட்டினால் 190 கிராம் தேறும். அதாவது 4 சதவீதம்.

சிக்கல் இங்கேதான். மாட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிப்பது மாடு அல்ல, அங்கே வாழும் நுண்ணுயிரிகள். தீனியின் உலர்பொருளில் 7 சதவீதமாவது புரதம் இருந்தால்தான் அவை பெருகி வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் நார் செரிக்காமல் தேங்கும், மாடு தின்பதும் குறையும். நம் மாட்டுக்குக் குறைவது ஏறத்தாழ 150 கிராம் புரதம். 400 கிராம் கடலைப் புண்ணாக்கு அதை ஈடுகட்டிவிடும். புண்ணாக்கு விலை கட்டுப்படியாகாது என்பவர்கள், வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் அகத்தி கிடைத்தால் 3 கிலோ பச்சைத் தழை போடலாம். ஏறக்குறைய அதே அளவு புரதம் வந்துவிடும்.

இவ்வளவும் செய்தால்கூட மாடு உடம்பைக் காத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். பால் தராது. கறவை மாட்டுக்கு இதே தீனியைப் போட்டால் அது தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் சுரக்கும். சினையின் கடைசி மூன்று மாதத்தில் உள்ள மாட்டுக்கும், ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கும் இதை நம்பக் கூடாது. வீட்டில் நாலு உருப்படி இருந்து வைக்கோல் இரண்டுக்குத்தான் போதும் என்றால், நல்ல தீனி சினை மாட்டுக்கும் கறவைக்கும் போகட்டும். வாழை, வற்றின மாட்டுக்கும் உழவு எருதுக்கும்.

உப்பையும் மறக்கக் கூடாது. வாழையில் பொட்டாசியம் மிக அதிகம், சோடியமும் பாஸ்பரசும் குறைவு. தினம் 30 கிராம் சமையல் உப்பும் 30 கிராம் தாது உப்புக் கலவையும் தவிட்டில் கலந்து வைக்க வேண்டும். ஒரு நன்மையும் உண்டு: 20 கிலோ மரத்தோடு ஏறத்தாழ 19 லிட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. குளம் வற்றிய காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அதற்காகத் தொட்டியைக் காலியாக விட்டுவிடவும் கூடாது.

வெட்டும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மரத்தை நீளவாக்கில் கிழித்துப் போட்டால் நீண்ட நார்கள் வயிற்றில் ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகிவிடும். காய்ந்த வெளிமட்டைகளை உரித்துவிட்டு, குறுக்கே இரண்டு விரல் கனத்துக்கு வில்லைகளாக அரிய வேண்டும். தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் விட்டால் நார் கத்தியில் சுற்றிக்கொள்ளும், அரிவாள்மணைதான் நல்லது. அரிந்ததை நிழலில் ஒரு பகல் வாட விட்டு, நறுக்கிய வைக்கோலோடு பிசிறிப் போடலாம். முதல் நாள் 5 கிலோ, பிறகு ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல 20 கிலோ. அன்றன்று வெட்டுவது அன்றன்றே தீர வேண்டும். புளித்து வழவழப்பானதை மாடு முகர்ந்துவிட்டுப் போனால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

சாணத்தைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். கஞ்சிபோல் ஓடினால் வாழை கூடிவிட்டது, வைக்கோல் போதவில்லை. கட்டியாகி, செரிக்காத நார் தெரிந்தால் புரதம் போதவில்லை. படுத்திருக்கும் மாடு அசை போடாவிட்டாலும் இடது வயிறு கல்லாக இருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். வயிற்றின் பருமனை நம்பாமல் பதினைந்து நாளுக்கொருமுறை முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி நாடாவால் அளந்தால், எடை குறைவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அளவில் தெரியும்.

அடுத்தவர் தோட்டத்து மரமானால், கேட்காமல் வெட்டி வராதீர்கள். தண்டு துளைக்கும் வண்டுக்காக மோனோகுரோட்டோபாஸ் மருந்தை மரத்துக்குள்ளேயே ஊசியில் ஏற்றும் பழக்கம் நம் வாழைத் தோட்டங்களில் உண்டு. எந்த மாதம் ஏற்றினார்கள் என்று தெரியாத மரம் வேண்டவே வேண்டாம். தின்ற மாட்டின் வாயில் நுரையொழுகி, கண்பாவை சுருங்கி, தசை துடித்தால் அது வயிற்று மந்தம் அல்ல, நஞ்சு.

சிலர் லாரியில் ஏற்றி வறண்ட மாவட்டங்களுக்கு அனுப்பலாமே என்கிறார்கள். ஒரு டன் ஏற்றினால் 940 லிட்டர் தண்ணீரும் 60 கிலோ தீனியும் போகும். அதே வாடகைக்கு வைக்கோல் அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். ஊறுகாய்ப்புல்லாகக் குழியில் சேமிக்கவும் ஈரம் 70 சதவீதத்துக்கு இறங்கியாக வேண்டும். அதற்கு 100 கிலோ மரத்துக்கு 40 கிலோ வைக்கோல் சேர்க்க வேண்டும். அவ்வளவு வைக்கோல் கையில் இருப்பவருக்கு வாழையே தேவைப்படாது.

முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளியின் கதையும் பெரிதாக வேறல்ல. பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் அதைத் தீவனத்துக்காகவே பயிரிட்டு மாடு வளர்க்கிறார்கள். உலர்பொருள் பத்துக்கு ஒரு பங்கு, மாவுச்சத்தும் சர்க்கரையும் வாழையைவிட அதிகம், சுண்ணாம்புச் சத்து ஏராளம். ஆனால் புரதமும் பாஸ்பரசும் குறைவு. தனியாகப் போட்டால் பேதியாகும். அதனால் உலர்பொருள் கணக்கில் பாதிக்கு மேல் போகாமல் வைக்கோலோடு கலந்துதான் அவர்களும் போடுகிறார்கள். நம் காடுகளில் நிற்கும் முள்சப்பாத்தியை 1920-களில் இலங்கையிலிருந்து கொண்டுவந்த செதில்பூச்சியை விட்டு அழித்தார்கள். அந்தப் பூச்சியே இப்போது பிரேசிலின் கள்ளித் தோட்டங்களை அரிக்கிறது. நட்ட கள்ளி வெட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு ஆண்டாகும். வறட்சி வந்த பிறகு நடுவதில் பயனில்லை. மழை பெய்த வருஷத்தில், பாறைக்காட்டு ஓரத்தில் நட்டு வைத்தவருக்குத்தான் அது உதவும்.