வட்டத்துக்குள் எத்தனை செல்?

1665-ல் லண்டனில் வெளியான ‘மைக்ரோகிராபியா’ நூலில், தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து ராபர்ட் ஹூக் வரைந்த படம் இருக்கிறது. சின்னச் சின்ன அறைகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட அந்தப் படத்தைப் பள்ளிப் பாடநூல்களில் பலரும் பார்த்திருப்போம். ஆனால் படத்தோடு அவர் எழுதிவைத்த கணக்கை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. அறைகளை வரிசை வரிசையாக எண்ணிய ஹூக், ஓர் அங்குலத்தை 18 பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்குள் சுமார் 60 அறைகள் அடங்குவதாகக் கண்டார். அப்படியானால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்துக்கும் சற்று அதிகமான அறைகள் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். இன்றைய அலகில் அந்த ஒரு பங்கு 1.41 மில்லிமீட்டர். அதை 60 ஆல் வகுத்தால் ஓர் அறையின் நீளம் 23.5 மைக்ரோமீட்டர் வருகிறது. மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆய்வகங்களில் மைக்ரான் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

ஒற்றைச் செல்லை எடுத்து ஹூக் அளக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீளம் தெரிந்த சுவரில் எத்தனை செங்கல் என்று எண்ணி, ஒரு செங்கல்லின் நீளத்தைச் சொல்வதுபோலத்தான் அவர் செய்தார். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் விலை உயர்ந்த அளவுகோல் எதுவும் இல்லாமல் செல்லின் அளவைக் கண்டுபிடிக்க இன்றும் இதே வழிதான். சுவரின் இடத்தில் நமக்குக் கிடைப்பது, கண்ணருகு லென்ஸில் கண்ணை வைத்ததும் தெரிகிற வெளிச்ச வட்டம். அதன் பெயர் பார்வைப்புலம். அந்த வட்டத்தின் விட்டம் ஸ்லைடின் மீது உண்மையில் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விட்டத்தை அறிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று போதும். ஸ்லைடு வைக்கும் இடத்தில் அதை வைத்து, நான்கு மடங்கு பெரிதாக்கும் பொருளருகு லென்ஸைத் திருப்பி, கோடுகள் கூர்மையாகத் தெரியும்வரை திருகை நகர்த்த வேண்டும். கண்ணால் பார்க்கும்போது மெல்லிதாக இருந்த மில்லிமீட்டர் கோடு இங்கே தடித்த பட்டையாகத் தெரியும். பட்டையின் எந்த இடத்திலிருந்து அளப்பது என்ற குழப்பம் முதலில் வரும். ஒரு கோட்டின் இடது விளிம்பை வட்டத்தின் இடது ஓரத்தில் தொடும்படி வைத்து, அடுத்தடுத்த கோடுகளிலும் இடது விளிம்பையே கணக்கில் எடுத்தால் கோட்டின் தடிமன் கணக்கைக் கெடுக்காது. பிம்பம் இடவலமாகவும் தலைகீழாகவும் தெரிவதால் ஸ்கேலை வலப்பக்கம் தள்ளினால் பிம்பம் இடப்பக்கம் ஓடும்; கைக்கு அது சீக்கிரம் பழகிவிடும்.

ஸ்கேலின் விளிம்பு வட்டத்தின் நடுவில் போகிறதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஸ்கேலை மேலும் கீழுமாகச் சிறிது நகர்த்தினால் அளவு கூடிக் குறையும். எந்த இடத்தில் மிக அதிகமாக வருகிறதோ அதுதான் விட்டம். நாம் எடுத்துக்கொள்ளும் நுண்ணோக்கியில் நான்கு முழு இடைவெளிகளும் ஐந்தாவதில் பாதியும் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விட்டம் 4.5 மில்லிமீட்டர்.

இந்த எண்ணைச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. பல கண்ணருகு லென்ஸ்களின் மேல்விளிம்பில் பத்து மடங்கு என்ற குறியை அடுத்து 18 போன்ற ஓர் எண் பொறித்திருக்கும். அதைப் பொருளருகு லென்ஸின் உருப்பெருக்கத்தால் வகுத்தால் பார்வைப்புலத்தின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 18-ஐ 4 ஆல் வகுத்தால் 4.5. ஸ்கேல் சொன்னதும் லென்ஸ் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பிக்கையோடு மேலே போகலாம்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? நாம் பார்க்கும் வட்டத்தின் கூர்மையான விளிம்பு, கண்ணருகு லென்ஸின் குழாய்க்குள் இருக்கும் ஒரு கறுப்பு வளையம். பொருளருகு லென்ஸ் உண்டாக்கும் பிம்பத்தில் அந்த வளையத்துக்குள் அடங்கும் பகுதி மட்டுமே கண்ணுக்கு வருகிறது. வளையம் மாறுவதில்லை. பிம்பம் பத்து மடங்கு பெரிதானால் வளையத்துக்குள் அடங்கும் இடம் குறுக்குவாட்டில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால்தான் உருப்பெருக்கம் கூடக்கூட விட்டம் அதே விகிதத்தில் குறைகிறது. கண்ணருகு லென்ஸையே மாற்றிவிட்டால் வளையமும் மாறிவிடும். அப்போது பழைய விட்டத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. ஸ்கேலை மறுபடியும் வைத்து அளக்க வேண்டும்.

ஹை பவரிலேயே ஸ்கேலை வைத்து அளந்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நாற்பது மடங்கு லென்ஸில் வட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கோட்டிலிருந்து அடுத்த கோடுவரை அதில் அடங்காது. அதோடு அந்த லென்ஸ் ஸ்லைடை ஒட்டினாற்போல் இறங்கி வரவேண்டியது. தடித்த ஸ்கேலை வைத்து இறக்கினால் லென்ஸின் முகத்தில் கீறல் விழும். ஆகவே லோ பவரில் அளந்து, ஹை பவருக்குக் கணக்கின் மூலம் போகிறோம். லோ பவர் விட்டத்தை அதன் மொத்த உருப்பெருக்கத்தால் பெருக்கி, ஹை பவரின் மொத்த உருப்பெருக்கத்தால் வகுக்க வேண்டும். கண்ணருகு லென்ஸ் பத்து மடங்கு என்பதால் நம் 4, 10, 40 மடங்குப் பொருளருகு லென்ஸ்களின் மொத்த உருப்பெருக்கம் 40, 100, 400. 4.5-ஐ 40 ஆல் பெருக்கி 100 ஆல் வகுத்தால் 1.8 மில்லிமீட்டர், அதாவது 1,800 மைக்ரான். 400 ஆல் வகுத்தால் 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரான். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டால் உருப்பெருக்கம் கூடும்போது வட்டமும் பெரிதாகிவிடும். விடை அப்படி வந்தாலே தவறு எங்கே என்று தெரிந்துவிடும்.

இனி வெங்காயம். பெரிய வெங்காயத்தின் சதைப்பற்றுள்ள ஓர் அடுக்கைப் பிரித்து, அதன் குழிந்த பக்கத்திலிருந்து கண்ணாடித்தாள் போன்ற சவ்வை உரிக்க வேண்டும். ஒரு சொட்டு நீரில் மடிப்பு விழாமல் விரித்து, சிறிது அயோடின் விட்டு, கவர் ஸ்லிப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து மெதுவாக இறக்கினால் காற்றுக்குமிழி சிக்காது. சிக்கினாலும் அடையாளம் தெரியும்: அதன் ஓரம் தடித்த கறுப்பு வளையமாக இருக்கும், உள்ளே எதுவும் இருக்காது. செல்கள் நீண்டு, முனை குறுகி, ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கும். அயோடினால் செல்சுவரும் உட்கருவும் எடுப்பாகத் தெரியும்.

மொத்தம் 100 மடங்கில் செல்களின் அகலவாட்டம் விட்டத்தின் மேல் வரும்படி ஸ்லைடைத் திருப்பி, ஓரத்திலிருந்து ஓரம்வரை எண்ணுவோம். 24 செல்கள் வருகின்றன என்றால், 1,800-ஐ 24 ஆல் வகுக்க ஒரு செல்லின் அகலம் 75 மைக்ரான். நீளவாட்டில் எண்ணினால் ஆறு செல்கள். நீளம் 300 மைக்ரான். அதே சவ்வை 400 மடங்கில் பார்த்தால் அகலவாட்டில் ஆறு செல்கள்தாம் அடங்கும். 450-ஐ 6 ஆல் வகுத்தால் மறுபடியும் 75. நீளவாட்டில் ஒரு செல்லே வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொள்ளும், அதுவும் 300.

இரண்டு உருப்பெருக்கத்திலும் ஒரே விடை வந்தாலும் இரண்டையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது. ஹை பவரில் செல் பெரிதாகத் தெரிகிறது, ஆகவே அங்கே அளப்பதுதான் துல்லியம் என்று தோன்றும். ஆனால் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட செல்லைச் சேர்ப்பதா விடுவதா என்ற தடுமாற்றம் எல்லா லென்ஸிலும் வரும். எண்ணிக்கையில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஹை பவரில் ஆறுக்குப் பதில் ஐந்து என்று எண்ணினால் அகலம் 90 மைக்ரான். ஏழு என்று எண்ணினால் 64. 100 மடங்கில் 24-க்குப் பதில் 23 என்றால் 78. 25 என்றால் 72. ஒரே தடுமாற்றம்தான். முதல் கணக்கில் அது விடையைத் தூக்கியடிக்கிறது, இரண்டாவதில் லேசாக அசைத்துவிட்டுப் போகிறது. எண்ண முடிகிற அளவுக்குச் செல்சுவர் தெளிவாகத் தெரியுமானால், குறைந்த உருப்பெருக்கத்தில் நிறையச் செல்களை எண்ணுவதே நல்லது. ஹூக் 60 அறைகளை எண்ணியதற்கு இந்த நன்மை இருந்தது. ஓரத்துத் துண்டுகளைத் தள்ளிவிடாமல் பாதி, கால் என்று மதிப்பிட்டுக் கூட்டிக்கொண்டால் தவறு இன்னும் குறையும். நீளவாட்டில் செல்களின் முனைகள் முன்னும் பின்னுமாக நுழைந்திருப்பதால் ஒரே வரிசையை நம்பாமல் நாலைந்து வரிசைகளை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாத பிழை, வட்டத்தின் நடுவில் எண்ணாமல் சற்று மேலேயோ கீழேயோ எண்ணுவது. மையத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே உள்ள ஒரு கோட்டில் எண்ணினால், அந்த இடத்தில் வட்டத்தின் அகலம் 450 மைக்ரான் இல்லை, 390-தான். அதில் ஐந்து செல்லும் கொஞ்சமும் அடங்கும். அதைக்கொண்டு 450-ஐ வகுத்தால் 75 மைக்ரான் செல் 87 மைக்ரானாக வீங்கிவிடும். பல பள்ளி நுண்ணோக்கிகளின் கண்ணருகு லென்ஸுக்குள் மையத்தை நோக்கி நீளும் ஒரு கறுப்பு முள் இருக்கும். அதன் நுனியைத் தொடும் வரிசையை எண்ணினால் இந்தத் தவறு நேராது.

லென்ஸில் பொறித்த உருப்பெருக்கமும் அச்சுப்பிசகாமல் இருக்கும் என்று சொல்ல முடியாது. சில சதவீதம் முன்பின்னாக இருக்கலாம். ஒரே செல்லை இரண்டு லென்ஸ்களிலும் அளந்து, ஒவ்வொரு முறையும் ஹை பவர் விடை மட்டும் ஒரே பக்கமாக விலகினால் லென்ஸைச் சந்தேகிக்கலாம். விலகல் ஒரு முறை கூடியும் ஒரு முறை குறைந்தும் வந்தால் அது எண்ணிக்கையின் தடுமாற்றம். நுட்பமான ஆய்வுக்கு இந்த அளவு துல்லியம் போதாது. அதற்கு ஒரு மில்லிமீட்டரை 100 பங்காகப் பிரித்துக் கோடிட்ட கண்ணாடி ஸ்லைடு இருக்கிறது. அதில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 10 மைக்ரான்தான் என்பதால் ஹை பவர் விட்டத்தையே நேரடியாக அளந்துவிடலாம்.

வெங்காயம்போல் வரிசையாக நிற்காத செல்களும் உண்டு. கன்னத்தின் உட்புறத்தை இதமாகச் சுரண்டி எடுத்து மெத்திலீன் நீலம் விட்டுப் பார்த்தால் செல்கள் ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடக்கும். எண்ண வரிசை கிடையாது. ஒரு செல்லை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, இதேபோல் எத்தனை செல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விட்டம் நிரம்பும் என்று மதிப்பிட வேண்டியதுதான். ஏழரை என்று தோன்றினால் 450-ஐ 7.5 ஆல் வகுக்க 60 மைக்ரான். கண் மதிப்பை நம்ப மனமில்லையென்றால், வட்டம் முழுவதும் படத்துக்குள் வரும்படி செல்போனில் ஒரு படம் எடுக்கலாம். வட்டத்தின் ஓரத்தை வெட்டிவிட்டால் அந்தப் படத்தால் பயனில்லை. அச்செடுத்த படத்தில் வட்டம் 12 சென்டிமீட்டர், செல் 1.6 சென்டிமீட்டர் என்றால், 1.6-ஐ 12 ஆல் வகுத்து 450 ஆல் பெருக்கினால் அதே 60 மைக்ரான் கிடைக்கும். இந்தச் செல்களில் சில மடங்கியும் சில ஒன்றின்மேல் ஒன்று ஏறியும் கிடப்பதால், நன்றாக விரிந்து கிடப்பவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து செல்களையாவது அளந்து, சராசரியோடு மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் சேர்த்துக் குறித்தால்தான் கன்னத்துச் செல்லின் அளவு என்று ஓர் எண்ணை எழுத முடியும்.