சுழிக் கோட்டுக்கு மேலே, கீழே

ஒரு பங்கு இரண்டு ரூபாய் ஏறியது என்றால், அதை ஏற்ற எவ்வளவு பங்குகள் கைமாற வேண்டியிருந்தது? இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் தர அமெரிக்கரான ரிச்சர்ட் ஆர்ம்ஸ் உருவாக்கிய அளவுகோல்தான் ‘ஈஸ் ஆஃப் மூவ்மென்ட்’. விலை எவ்வளவு சுலபமாக நகர்ந்தது என்பதை அது சொல்கிறது.

கணக்கு எளிது. அன்றைய உச்ச விலைக்கும் தாழ்ந்த விலைக்கும் நடுப்புள்ளியை எடுத்து, அது நேற்றைய நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். அடுத்து, வால்யூமை அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். நடுப்புள்ளியின் நகர்வை இந்த ஈவால் வகுத்தால் விடை வந்துவிடும்.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். அதன் நடுப்புள்ளி 100 ரூபாய். முதல் நாள் விலை 100க்கும் 106க்கும் இடையே ஆடுகிறது. வால்யூம் 6 லட்சம். நடுப்புள்ளி 3 ரூபாய் ஏறிவிட்டது. வால்யூமை லட்சத்தில் வைத்து 6 ரூபாய் இடைவெளியால் வகுத்தால் 1. விடை 3. இரண்டாம் நாள் 103க்கும் 107க்கும் இடையே ஆட்டம். நடுப்புள்ளி மேலும் 2 ரூபாய் ஏறுகிறது, ஆனால் 16 லட்சம் பங்குகள் கைமாறுகின்றன. விடை வெறும் 0.5. ஏற ஏற யாரோ விற்றுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் 101க்கும் 105க்கும் இடையே நின்று, நடுப்புள்ளி 2 ரூபாய் இறங்குகிறது. வால்யூம் 2 லட்சம்தான். விடை மைனஸ் 4.

மூன்று நாளில் பங்கு மொத்தத்தில் 3 ரூபாய் ஏறியிருக்கிறது. ஆனால் மூன்று விடைகளின் சராசரி சுழிக்குக் கீழே போய்விட்டது! ஏறுவதற்குப் பட்ட பாடு, இறங்கும்போது இல்லை. இறக்கத்தைத் தாங்கி வாங்க ஆளில்லை என்பதைத்தான் கோடு காட்டுகிறது. நடைமுறையில் தினசரி எண் தாறுமாறாகத் துள்ளும் என்பதால் பெரும்பாலும் 14 நாள் சராசரியையே வரைவார்கள்.

கோடு சுழியைத் தாண்டி மேலே வந்தால் வாங்கு, கீழே போனால் விற்றுவிடு என்பது பலர் பின்பற்றும் விதி. அதை அப்படியே நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோடு சுழியை ஒட்டிக் கிடப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: விலை நகரவே இல்லை, அல்லது பெரிய வால்யூமோடு முக்கி முக்கி நகர்ந்தது. இரண்டும் வேறு வேறு நிலவரங்கள். கோட்டில் ஒன்றுபோலத் தெரியும். எது என்று அறிய, கீழே உள்ள வால்யூம் பட்டைகளைப் பார்த்தாக வேண்டும். முடிவு விலையும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

நம் சந்தையில் இன்னொரு சிக்கல் உண்டு. காலையிலேயே அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்ட பங்குக்கு அன்று உச்சமும் தாழ்வும் ஒரே விலை. இடைவெளி பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். வாங்க வரிசை நின்று, 5 சதவீதம் ஏறிய நாளில், விலை அசையவே இல்லை என்பதுபோல் அந்த எண் சுழியில் உட்கார்ந்திருக்கும்.